எக்ஸ்டெர்னல் டிஸ்க்கா, இமேஜா, குளோனா, கிளவுடா: லேப்டாப் பூட் ஆகாத அன்னிக்கு எது கைகொடுக்கும்?

"பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் போதுமா, இல்ல கிளவுட் எடுக்கணுமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்குறவங்க நிறைய. ஏதாவது ஒண்ணுங்கறதுலதான் சிக்கலே இருக்கு. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு கூத்தைச் சொல்லிடறேன்.

ஒருநாள் காலைல லேப்டாப்பை ஆன் பண்ணா நீல ஸ்கிரீன், 0xc000000e. எனக்குப் பெருசா பதட்டம் இல்ல, ஏன்னா 1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல எல்லாம் பேக்கப் இருக்கு. சரி, அழிச்சுட்டு புதுசா விண்டோஸ் போட்டுக்கலாம்னு இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ஷிஃப்ட் F10 அடிச்சு, கறுப்பு ஸ்கிரீன்ல diskpart, list disk. ஃபைலையெல்லாம் திரும்ப எடுக்கணுமேன்னு பேக்கப் டிஸ்க்கையும் முன்கூட்டியே சொருகி வச்சிருந்தேன், அதான் வினை. Disk 0-ன்னு முதல்ல ஒண்ணு இருந்துச்சு. உள்ள இருக்கறதுதான் எப்பவும் 0-ன்னு எனக்கு ஒரு நெனப்பு. select disk 0, clean. ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது. அப்புறம்தான் சைஸைப் பாக்குறேன், 931 GB-ன்னு போட்டிருக்கு. என் லேப்டாப் உள்ள இருக்கறது 512 ஜிபி, அது 476-ன்னுதான் காட்டணும்.

நடந்தது இதுதான். இன்டெல் லேப்டாப் சிலதுல உள்ள இருக்குற எஸ்எஸ்டியை VMD-ன்னு ஒரு கன்ட்ரோலர் வழியா இணைச்சிருப்பாங்க, அதுக்கான டிரைவர் இன்ஸ்டால் பென்டிரைவ்ல இல்லன்னா உள் டிஸ்க்கே லிஸ்ட்ல வராது. அதனால என் பேக்கப் டிஸ்க் முதல் எடத்துக்கு வந்து உக்காந்துக்கிச்சு. அழிக்க நெனச்சது அப்படியே பத்திரமா இருக்கு, காப்பாத்தி வச்சது போச்சு. அழிக்க நெனச்சது தப்பிச்சதாலதான் அன்னிக்கு நானும் தப்பிச்சேன், அது சுத்தமா அதிர்ஷ்டம்.

மூணு காப்பி வச்சுக்கணும்னு சொல்றாங்களே, அது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான். பூட் ஆகலன்னதும் மூணு ரெண்டாகுது. ரெஸ்டோர் பண்ண ஒரு டிஸ்க்கைச் சொருகினதும் அதுவும் ஆபத்துக்குள்ள வந்துடுது: தப்பான டிஸ்க்கை செலக்ட் பண்றது, கேபிளைத் தட்டி விடறது, பதட்டத்துல தப்பு பட்டனை அமுக்கறது, எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துலதான் நடக்கும். அந்த நேரத்துல எதுலயும் சொருகாம, தொடாம, ஒரு காப்பி எங்கயோ இருக்கணும். பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பரப்பின 3-2-1 கணக்கு இதேதான்: மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியா, அதுல ஒண்ணு வேற எடத்துல. இந்த மூணுல நீங்க தினம் வேலை செய்யற லேப்டாப்பும் ஒண்ணு, அதனால புதுசா ரெண்டு உண்டாக்கினா போதும். எந்த ரெண்டுங்கறதுதான் கேள்வி.

## எதை வச்சு அளக்குறது

நான் நாலு விஷயம் பாப்பேன்.

முதல்ல, எவ்வளவு நேரத்துல திரும்ப வேலைல உக்காரலாம். ரெண்டாவது, கைக்குக் கிடைக்கிற காப்பி எவ்வளவு பழசு, அதாவது நேத்து வரைக்கும் பண்ணின வேலை இருக்கா, போன மாசத்தோட நிக்குதா. மூணாவது, எந்த மாதிரி விபத்தைத் தாங்கும், ஏன்னா பூட் ஃபைல் கெட்டுப்போறது வேற, டிஸ்க்கே செத்துப்போறது வேற, லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் இருந்த பையே திருட்டுப் போறது வேற. நாலாவதுதான் எனக்கு முக்கியம்: அது நடக்கறதுக்கு நான் எத்தனை தடவை ஞாபகம் வச்சுக்கணும். ஞாபகம் வச்சு செய்யற பேக்கப் ரெண்டு மாசம் ஓடும், மூணாவது மாசம் வேலைப்பளு, அதுக்கப்புறம் அவ்ளோதான்.

முதல் விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும். பூட் ஆகலங்கறதுக்கு ஃபைல் போச்சுன்னு அர்த்தம் கிடையாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட அப்டேட் ஒண்ணால உலகம் பூரா விண்டோஸ் மெஷின்லாம் படுத்துச்சே, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் மெஷின். அத்தனைலயும் டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, டேட்டாவும் உள்ளயே இருந்துச்சு, ஒரே ஒரு கெட்ட ஃபைல் பூட் ஆக விடல. சேஃப் மோடுல போய் அந்த ஃபைலை அழிச்சா சரியாயிடும், ஆனா நிறைய எடத்துல அதுக்கே டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணிப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நின்னுடுச்சு. பூட் ஃபெயிலியர்ல டேட்டா போறதுன்னா பாதி நேரம் அது நாம சரிபண்றேன்னு எறங்கி போக்கறதுதான், நான் பண்ணின மாதிரி.

## காப்பின்னு கணக்குல சேராதது

"D டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்"ங்கறது காப்பி இல்லைங்க. பெரும்பாலான லேப்டாப்ல C-யும் D-யும் ஒரே டிஸ்க்கை ரெண்டா வெட்டினது, செத்தா ரெண்டும் சேந்துதான் சாகும். விண்டோஸ் ரிஸ்டோர் பாயின்ட்டும் ரெக்கவரி பார்ட்டிஷனும் அதே கதை, அதே டிஸ்க்குலதான் உக்காந்திருக்கு.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி சிங்க் ஃபோல்டரை நான் அரைக் காப்பின்னு சொல்லுவேன். இங்க நீங்க அழிச்சா அங்கயும் அழியும், இங்க ஃபைல் கெட்டா கெட்டதே மேல ஏறும். குப்பைத்தொட்டியில கொஞ்ச நாள் இருக்கும், அது முடியறதுக்குள்ள கவனிச்சா பொழச்சீங்க. பூட் ஃபெயிலியருக்கு மட்டும்னா சிங்க் உதவும், நான் மறுக்கல. ஆனா இதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

## ஆப்ஷன் 1: எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல ஃபைல் பேக்கப்

விண்டோஸ்ல ஃபைல் ஹிஸ்டரி, மேக்ல டைம் மெஷின், லினக்ஸ் பழக்கம் இருக்கறவங்க ரெஸ்டிக் இல்ல ஆர்சிங்க். உங்க ஃபைல் மாறினா அந்த மாறினது மட்டும் டிஸ்க்குக்குப் போகும், பழைய வெர்ஷனும் இருக்கும் (ஆர்சிங்க் மட்டும் தானா பழசை வச்சிருக்காது, அதுக்குத் தனியா செட் பண்ணனும்). டிஸ்க் சொருகியிருந்தா ஃபைல் ஹிஸ்டரி தானாவே மணிக்கு ஒருதரம் ஓடும். அதனால ரெண்டாவது, நாலாவது அளவுகோல்ல இதை அடிச்சுக்க ஆளில்ல.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு. ஒண்ணு, இது ஃபைல் மட்டும்தான். விண்டோஸ், சாஃப்ட்வேர், லைசென்ஸ், பிரின்டர் டிரைவர், வருஷக்கணக்கா ஒண்ணொண்ணா மாத்தி வச்ச செட்டிங், எதுவும் இதுல வராது. விண்டோஸ் போட ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டா மத்ததையெல்லாம் சரிக்கட்ட ஒரு நாள் போயிடும். ரெண்டாவது, எந்த ஃபோல்டர் உள்ள வருது எது வரலைன்னு யாரும் பாக்கறதே இல்ல. ஃபைல் ஹிஸ்டரி தானா எடுக்கறது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி வழக்கமான எடத்தைத்தான். நீங்க C:\Projects-னு நேரா டிரைவ்லயே ஒரு ஃபோல்டர் தொறந்து அதுல மூணு வருஷமா வேலை பாத்திருந்தா அது வராது. பிரவுசர் புக்மார்க், சில மெயில் சாஃப்ட்வேரோட கடிதமெல்லாம் AppData-ன்னு ஒளிஞ்சிருக்கற ஃபோல்டர்ல இருக்கும், அதையும் நீங்கதான் சேக்கணும்.

robocopy-ல /MIR போட்டு பேச் ஃபைல் எழுதி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது கண்ணாடி. சோர்ஸ்ல இல்லாததை டெஸ்டினேஷன்லயும் அழிச்சிடும். ரெண்டு பாதையையும் மாத்திப் போட்டீங்கன்னா காலியான டிஸ்க்கைப் பாத்து உங்க ஒரிஜினலை காலி பண்ணிக் கொடுக்கும், ஒரு கேள்வி கேக்காது.

யாருக்கு சரி: சாஃப்ட்வேர் கம்மி, ஃபைல்தான் உசுருன்னு இருக்கறவங்க. மாணவர், எழுதறவங்க, ஆபீஸ் டாக்குமென்ட் மட்டும் பாக்கறவங்க.

## ஆப்ஷன் 2: முழு டிஸ்க் இமேஜ்

டிஸ்க்ல இருக்கற எல்லாத்தையும், பூட் பார்ட்டிஷனையும் சேத்து, ஒரு ஃபைலா மடிச்சு எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல வைக்கறது. கிளோன்ஸில்லா, வீம் ஏஜென்ட், மேக்ரியம் இந்த வகை. பூட் ஆகலன்னா அந்த சாஃப்ட்வேரோட ரெஸ்க்யூ பென்டிரைவ்ல பூட் பண்ணி, இமேஜைக் காட்டினா, அன்னிக்கு இருந்த மெஷின் அப்படியே திரும்ப வந்து நிக்கும், டெஸ்க்டாப்ல ஐக்கான் இருந்த எடம் உட்பட.

நேரம்னு பாத்தா இதுதான் ராஜா. ஆனா இதுக்குன்னு சில குணம் இருக்கு. ரெஸ்க்யூ பென்டிரைவை முன்னாடியே செஞ்சு, அதுல ஒருதரம் பூட் பண்ணிப் பாத்து, எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் உள் டிஸ்க்கும் ரெண்டுமே அதுல தெரியுதான்னு பாத்திருக்கணும். நான் மேல சொன்ன VMD கதை இங்கயும் நடக்கும், இமேஜ் இருக்கும், போட எடம் தெரியாது. இதை லேப்டாப் நல்லா இருக்கறப்ப கண்டுபிடிச்சா அஞ்சு நிமிஷ வேலை, டிரைவரை எறக்கி பென்டிரைவ்ல சேத்துக்கலாம்.

அடுத்து பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப் நிறையதுல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள போனதுமே டிஸ்க் தானா என்க்ரிப்ட் ஆயிடும், நீங்க கேக்கவே வேணாம். வெளிலேந்து பூட் பண்ணி இமேஜ் எடுக்கற கிளோன்ஸில்லா மாதிரி டூலுக்கு பூட்டின பார்ட்டிஷன் உள்ள எது ஃபைல் எது காலி எடம்னு தெரியாது, அதனால பெரும்பாலும் செக்டர் செக்டரா முழுசையும் தூக்கும், 180 ஜிபிதான் யூஸ் பண்றீங்கன்னாலும் 476-ம் போகும். விண்டோஸ் உள்ளேயே ஓடற டூலுக்கு இந்தத் தொந்தரவு இல்ல, ஆனா அப்ப எடுக்கற இமேஜ் பூட்டு இல்லாததா இருக்கும், பாஸ்வேர்டு நீங்கதான் போடணும். இல்லன்னா டிஸ்க்கை யார் எடுத்தாலும் உங்க மொத்த லேப்டாப்பும் அவங்க கைல.

இன்னொண்ணு, இமேஜ் எடுத்த நாளோட நேரம் நின்னுடும். மாசம் ஒரு இமேஜ்னா 29 நாள் வேலை அதுல இல்ல. அதுவும் போக வைரஸோ கெட்ட டிரைவரோ ஏற்கெனவே உள்ள வந்தப்பறம் எடுத்த இமேஜ்னா ரெஸ்டோர் பண்ணதும் அதுவும் கூடவே வந்துடும். அதனால கடைசி இமேஜ் மட்டும் இல்லாம மூணு மாசத்து இமேஜாவது வச்சிருங்க.

யாருக்கு சரி: பில்லிங், டிசைன், ஆடியோ எடிட்டிங்னு இன்ஸ்டால் பண்ணவே ரெண்டு நாள் ஆகற சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்க.

## ஆப்ஷன் 3: குளோன் டிஸ்க்

இமேஜ்னா மடிச்சு வச்ச துணி, குளோன்னா அப்படியே எடுத்து மாட்டிக்கற சட்டை. அதே மாதிரி இன்னொரு எஸ்எஸ்டி, அதுல உள்ள இருக்கறது அச்சு அசல். டிஸ்க் செத்தா கழட்டிட்டு இதை மாட்டி ஆன் பண்ணா வேலை முடிஞ்சது.

கேக்க சூப்பரா இருக்கும். ஆனா வீட்டு லேப்டாப்புக்கு நான் இதை சிபாரிசு பண்றது அபூர்வம். ஏன்னா சாதாரண விண்டோஸ் யூஎஸ்பில சொருகினா ஒழுங்கா பூட் ஆகும்னு நம்ப முடியாது, உள்ளதான் மாட்டணும், அதுக்கு லேப்டாப்பைத் திறக்கணும். எஸ்எஸ்டியை போர்டுல சேத்து சால்டர் பண்ணின மாடல்னா அந்தப் பேச்சே இல்ல. எம்1-ல ஆரம்பிச்சு வந்த மேக்ல இன்னும் மோசம், உள் ஸ்டோரேஜ் செத்துட்டா வெளி டிஸ்க்லேந்து பூட்டே ஆகாது, பூட் வேலையோட முதல் படியே உள்ளதான் நடக்குது. லினக்ஸ்காரங்களுக்கு யூஎஸ்பில நல்லா ஓடும், ஆனா குளோனுக்கும் ஒரிஜினலுக்கும் UUID ஒண்ணா இருக்கறதால ரெண்டையும் சேத்து சொருகி பூட் பண்ணா எதுல ஏறி உக்காந்திருக்கோம்னே தெரியாம வேலை பாத்துக்கிட்டிருப்பீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய குறை, குளோனுக்கு நேத்துங்கறதே கிடையாது. தினம் ராத்திரி குளோன் ஓடுதுன்னா, சாயந்திரம் தப்பா அழிச்ச ஃபோல்டர் மறுநாள் குளோன்லயும் இருக்காது. கெட்டுப்போன பூட் ஃபைலையும் அதே விசுவாசத்தோட காப்பி பண்ணும்.

யாருக்கு சரி: கடை கவுன்ட்டர், ரெக்கார்டிங் மெஷின்னு அரை மணி நேரம்கூட நிக்கக்கூடாத டெஸ்க்டாப். அங்கயும் கூட ஃபைல் பேக்கப் தனியா வேணும்.

## ஆப்ஷன் 4: கிளவுட் பேக்கப்

இங்க நான் சொல்றது சிங்க் இல்ல, வெர்ஷனோட வைக்கற பேக்கப் சர்வீஸ். இது மூணாவது காப்பிக்குன்னே பொறந்தது. வேற எடத்துல இருக்கு, நான் எதையும் சொருக வேணாம், clean அடிச்சாலும் அதைத் தொட முடியாது.

ஒரு நல்ல விஷயத்தை யாரும் பெருசா சொல்றதில்ல. பூட் ஆகாத காலைல உங்களுக்கு 110 ஜிபியும் வேணாம், பத்து மணி மீட்டிங்குக்கு ஒரே ஒரு ஃபைல் வேணும். போன்லயே லாகின் பண்ணி அதை எறக்கி அனுப்பிட்டு, மத்ததை நிதானமா சாயந்திரம் பாத்துக்கலாம். அந்த நிதானம் வந்துட்டாலே தப்பு பாதி குறையும்.

செலவு நேரத்துல இருக்கு. அப்லோடு 10 எம்பிபிஎஸ்னா 110 ஜிபி ஏற 24 மணி நேரத்துக்கு மேல, அதுவும் லைன் முழுசா இதுக்கே கொடுத்தா. முதல் அப்லோடு முடியற வரைக்கும் உங்ககிட்ட மூணாவது காப்பி இல்லன்னுதான் அர்த்தம், நிறைய பேர் பாதில லேப்டாப்பை மூடிட்டு எல்லாம் ஏறிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க. எறக்கும்போது 50 எம்பிபிஎஸ்னா அஞ்சு மணி நேரம். வருஷா வருஷம் சந்தா, கட்டாம விட்டா கொஞ்ச நாள்ல அழிச்சிடுவாங்க.

இன்னொரு குழி இருக்கு, சிரிப்பா இருந்தாலும் நடக்கறதுதான். கிளவுட் பாஸ்வேர்டு பிரவுசர்ல சேவ் ஆகியிருக்கு, பிரவுசர் செத்த லேப்டாப்ல இருக்கு. நீங்களே ஒரு என்க்ரிப்ஷன் கீ வச்சு பூட்டியிருந்தா அதைத் தொலைச்சப்பறம் சர்வீஸ்காரங்களாலயும் திறக்க முடியாது. இதுக்குத் தீர்வு பேப்பர்தான், கீழ சொல்றேன்.

யாருக்கு சரி: ஞாபக மறதிக்காரங்க எல்லாருக்கும். லைன் ரொம்ப ஸ்லோன்னா, இல்ல டெராபைட் கணக்குல வீடியோ வச்சிருந்தா, அடுத்தது.

## ஆப்ஷன் 5: இன்னொரு டிஸ்க், இன்னொரு வீட்டுல

ரெண்டு டிஸ்க், ஒண்ணு உங்க மேஜைல, இன்னொண்ணு சொந்தக்காரங்க வீட்டுலயோ ஆபீஸ் டிராயர்லயோ, மாசம் ஒருதரம் மாத்திக்கறது. சந்தா இல்ல, 4 டிபி இருந்தாலும் கவலையில்ல, கரன்ட்ல இல்லாததால ரான்சம்வேர் எட்டாது. பிரச்சனை நாலாவது அளவுகோல்லதான். மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு டிஸ்க்கும் ஒரே டிராயருக்கு வந்து சேந்துடும். அப்படித் தூங்க வைக்கறதுக்கு எஸ்எஸ்டியை விட சாதாரண ஹார்ட் டிஸ்க் நல்லது, ஏன்னா எஸ்எஸ்டி வருஷக்கணக்கா கரன்ட் இல்லாம கெடந்தா உள்ள இருக்கற சார்ஜ் மெல்லக் கசியும்.

## ஒரே பார்வைல

| ஆப்ஷன் | திரும்ப வேலைல உக்கார | எவ்வளவு பழசு | எதைத் தாங்காது | ஞாபகம் வேணுமா |
|---|---|---|---|---|
| ஃபைல் பேக்கப் | அரை நாள் முதல் ஒரு நாள் | ஒரு மணி நேரம் | திருட்டு, தீ, சொருகியே இருந்தா ரான்சம்வேர் | சொருகியே இருந்தா வேணாம் |
| முழு இமேஜ் | ஒண்ணு ரெண்டு மணி நேரம் | எடுத்த நாள் | திருட்டு, தீ | மாசம் ஒருதரம் |
| குளோன் | அரை மணி நேரம் | கடைசி குளோன் | தப்பா அழிச்சது, ரான்சம்வேர் | ஆமா |
| கிளவுட் | ஒரு ஃபைல்னா உடனே, மொத்தம்னா ஒண்ணு ரெண்டு நாள் | சில மணி நேரம் | மறந்துபோன பாஸ்வேர்டு, கட்டாத சந்தா | வேணாம் |
| வேற எடத்துல டிஸ்க் | போய் எடுத்துட்டு வர நேரமும் சேரும் | ஒரு மாசம் வரைக்கும் | உங்க சோம்பேறித்தனம் | ரொம்ப |

## ஒரு புதன்கிழமை காலை

கணக்கா ஒண்ணு போட்டுப் பாப்போம். 512 ஜிபி லேப்டாப், அதுல 180 ஜிபி யூஸ்ல இருக்கு, விண்டோஸும் சாஃப்ட்வேரும் 70, சொந்த ஃபைல் 110. செவ்வாய் ராத்திரி அப்டேட், புதன் காலைல பூட் ஆகல.

மூணு காப்பி இருக்கறவங்க முதல்ல எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைத் தொடவே கூடாது. போன்ல கிளவுடைத் திறந்து கடைசி பேக்கப் தேதியைப் பாருங்க, இன்னிக்கு தேவையான ஃபைலை எறக்குங்க. அப்புறம் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி ரிப்பேர் ஒருதரம் முயற்சி பண்ணலாம். பூட் ஃபைல் மட்டும் கெட்டிருந்தா, EFI பார்ட்டிஷனுக்கு diskpart-ல S-ன்னு ஒரு எழுத்து கொடுத்துட்டு இது போதும்:

```
bcdboot C:\Windows /s S: /f UEFI
```

அந்த ரெக்கவரி ஸ்கிரீன்ல C-ங்கறது வேற எழுத்தா மாறியிருக்கலாம், dir போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எதுல இருக்குன்னு பாத்துட்டு அடிங்க. டிஸ்க்கே பூட்டியிருந்தா முதல்ல பிட்லாக்கர் கீயைப் போட்டுத் திறக்கணும்.

இதுக்கு அரை மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. பேக்கப் இல்லாதவங்க இங்கதான் மூணு நாள் தவம் கெடப்பாங்க, ஏன்னா அவங்களால அழிக்க முடியாது. உங்களால முடியும்.

அரை மணி முடிஞ்சுதா, இமேஜ் ரெஸ்டோர். ரெஸ்க்யூ பென்டிரைவ், எக்ஸ்டெர்னல் டிஸ்க், இப்பதான் சொருகணும், சொருகினதும் எந்த டிஸ்க் எதுன்னு பேரை வச்சுப் பாக்காம சைஸை வச்சுப் பாக்கணும். 476-ன்னு இருக்கறதுல எழுதணும், 931-லேந்து படிக்கணும். 180 ஜிபி, ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி கொடுத்தா சுமாரா அரை மணி நேரம், நிஜத்துல முக்கால்னு வச்சுக்கோங்க. பூட் ஆனதும் இமேஜ் எடுத்த நாளுக்கப்பறம் மாறின ஃபைலை மட்டும் ஃபைல் பேக்கப்லேந்து எடுத்துப் போடணும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுடும்.

இமேஜ் இல்லாம ஃபைல் பேக்கப் மட்டும்னா விண்டோஸ், அப்டேட், டிரைவர், சாஃப்ட்வேர்னு சாயந்திரம் ஆயிடும், 110 ஜிபி காப்பி ஆகறது அதுல இருபது நிமிஷம்தான், சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தா ஒரு மணி நேரம். கிளவுட் மட்டும்னா வியாழக்கிழமை. எப்படிப் பாத்தாலும் எரிச்சல்தான், ஆனா எதுவும் தொலையல.

இதுவே எஸ்எஸ்டி செத்திருந்தா மேல சொன்னதோட புது எஸ்எஸ்டி வாங்கற நேரம் சேரும். கிளோன்ஸில்லா யூஸ் பண்றவங்க ஒண்ணு கவனிங்க, பழசை விடச் சின்ன டிஸ்க்ல சாதாரணமா ரெஸ்டோர் பண்ண விடாது, உள்ள இருக்கற டேட்டா கம்மின்னாலும் சரி. 512-க்கு பதில் 500-ன்னு எழுதினதை வாங்கிட்டு வந்தா அங்கயே மாட்டிக்குவீங்க.

## நான் எதை எடுத்தேன்

ரெண்டாவது காப்பிக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு வேலை: தினம் ஃபைல் பேக்கப், மாசம் ஒரு இமேஜ். மூணாவதுக்கு கிளவுட், ஆனா ஃபைல் மட்டும், விண்டோஸை அங்க ஏத்தறது வீண். குளோன் இல்ல. கிளவுட் வேணாங்கறவங்க அந்த எடத்துல ஆப்ஷன் 5-ஐ வைங்க, ஆனா மாத்தற தேதியை சம்பளம் வர்ற நாள், வாடகை கொடுக்கற நாள்னு எப்படியும் மறக்காத ஏதாவதோட முடிஞ்சு வைங்க. வருஷம் பூரா இமேஜ் எடுக்கவே மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்னு சொல்றவங்க இமேஜை விட்டுடுங்க, ஃபைலும் கிளவுடும் போதும், ஒரு நாள் வேலை கெடும் அவ்வளவுதான். இமேஜ் மட்டும் வச்சுக்கிட்டு ஃபைல் பேக்கப்பை விடறதுதான் கூடாது.

டிஸ்க்கை எந்நேரமும் சொருகியே வைக்கலாமான்னு கேப்பீங்க. பூட் ஃபெயிலியரைப் பொறுத்தவரை வைக்கலாம், ஞாபகம் வேணாங்கற வசதி பெருசு. ரான்சம்வேர் வந்தா சொருகியிருக்கறதும் போகும், அதுக்குத்தான் மூணாவது வேற எடத்துல இருக்கு.

அப்புறம் அந்தப் பேப்பர். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல இதை அடிங்க:

```
manage-bde -protectors -get C:
```

வர்ற 48 இலக்க நம்பரை கையால எழுதுங்க, அதோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட், கிளவுட் ரெண்டோட பாஸ்வேர்டும் ரெக்கவரி கோடும். நம்பருக்குப் பதிலா No key protectors found-ன்னு வந்தா டிஸ்க் பூட்டப்படல, கவலை விட்டது. பயோஸ் அப்டேட் பண்ணாலோ செக்யூர் பூட்டை மாத்தினாலோகூட அந்த நம்பரைக் கேக்கும், அப்ப லேப்டாப் உள்ள ஒரு நோட்பேட் ஃபைல்ல எழுதி வச்சிருந்தா என்ன பிரயோஜனம்.

டெஸ்ட் விஷயத்துல நான் ரொம்ப கறார் இல்ல, மூணு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு வேலை. பேக்கப்லேந்து ஒரு பெரிய ஃபைலையும் ஒரு பழைய போட்டோவையும் வேற ஃபோல்டர்ல எடுத்துத் திறந்து பாப்பேன், ஃபைல் பேர் இருந்து உள்ள காலியா இருந்த கதையெல்லாம் உண்டு. ரெஸ்க்யூ பென்டிரைவ்ல ஒருதரம் பூட் பண்ணி 476-ம் 931-ம் ரெண்டுமே தெரியுதான்னு பாப்பேன். ரெஸ்டிக் யூஸ் பண்றவங்களுக்கு இன்னும் சுலபம், இருக்கறதுல ஒரு பகுதியை நிஜமா படிச்சுப் பாக்க இது:

```
restic -r E:\backup check --read-data-subset=5%
```

என் பேக்கப் டிஸ்க் மேல இப்ப மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கர்ல பெருசா எழுதியிருக்கேன்: "931. இதை அழிக்காதே." வீட்டுல பாக்கறவங்க சிரிக்கறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.